புழல் ஏரி ஃபார்வர்டு: நாலு நிமிட வீடியோவுக்கு ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன், கிழித்துத் தொங்க விடுங்கள்

தண்டையார்பேட்டை_டீக்கடை

எங்கள் தெரு நூலகத்தில் மாதம் ஒரு சின்ன வீடியோ எடுக்கிறோம். பார்ப்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்து அம்மாக்கள், ஆட்டோ அண்ணன்கள், கல்லூரிப் பிள்ளைகள். இந்த மாதம் மழைக்கால ஃபார்வர்டு. பொதுவாக "வதந்தியை நம்பாதீர்" என்று சொல்லி முடிக்க எனக்கு இஷ்டமில்லை. ஒரே ஒரு ஃபார்வர்டை எடுத்து, அது உண்மையா என்று கேமரா முன்னாலேயே தேடிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எடுத்துக்கொண்ட ஃபார்வர்டு இது. எங்கள் குழுவில் வந்ததை ஒட்டி எழுதியது:

"அவசரம்!! புழல் ஏரி மதகு உடைந்து 2 லட்சம் கனஅடி நீர் வெளியேறுகிறது. மாதவரம், பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை இன்று இரவு 9 மணிக்குள் மூழ்கும். உடனே வெளியேறவும். அனைவருக்கும் பகிரவும்."

கூடவே 22 விநாடி வீடியோ. வரிசையாக மதகுகள், பழுப்பு நிறத்தில் தண்ணீர் கொட்டுகிறது. அதன் பிறகு ஒரு குரல் பதிவு: "நான் பொதுப்பணித்துறையிலேர்ந்து பேசுறேன்…"

ஸ்கிரிப்டில் இப்போது இருப்பது:

காட்சி 1. டீக்கடை பெஞ்சு. அக்கா போனை நீட்டுகிறார். "தம்பி, ஊரே மூழ்கப் போகுதாம்." நெருக்கத்தில் போன் திரை. மேலே `Forwarded many times` என்று இரண்டு அம்புக்குறியோடு இருக்கிறது. பின்னணிக் குரல்: "இந்தக் குறி இருந்தால் அது வதந்தி."

காட்சி 2. வீடியோவைத் தொட்டு அதன் விவரங்களைத் திறந்து தேதியைப் பார்க்கிறார்கள்.

காட்சி 3. கூகுளில் தேடி, பழைய வீடியோ என்று கண்டுபிடிக்கிறார்கள். சிரிப்பு. முடிவு.

மூன்றாவது காட்சி சப்பென்று இருக்கிறது, எனக்கே தெரிகிறது. என்ன சேர்க்கலாம்?

சட்டகம்

வீடியோ எடிட்டிங் என் வேலை. இரண்டு வருடம் ஒரு செய்தி அறையில் இந்த மாதிரி வீடியோக்களைச் சரிபார்க்கும் மேசையிலும் இருந்தேன். சப்பென்று இருப்பது மூன்றாவது காட்சி. ஆனால் தப்பாக இருப்பது முதல் இரண்டும்.

அந்த இரட்டை அம்புக்குறி பொய் என்பதற்கான முத்திரை கிடையாது. ஒரு செய்தி குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. உண்மையான வெள்ள எச்சரிக்கையும் ஐந்து கை மாறும், மாறத்தான் வேண்டும். இன்னொரு பக்கம், யாராவது அந்த வீடியோவைப் போனில் சேமித்துப் புதிதாக அனுப்பினால் குறியே இருக்காது. ஆக, குறி இருந்தால் பொய் என்றும் சொல்ல முடியாது, இல்லாவிட்டால் உண்மை என்றும் சொல்ல முடியாது. "அனுப்பியவர் இதை எடுத்தவர் இல்லை" என்று மட்டும் சொல்லலாம். அக்காவிடம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்: "உங்களுக்கு அனுப்பினவர் இதைத் தானே பார்த்தாரா?"

காட்சி 2 இன்னும் மோசம். வாட்ஸ்அப் எந்த வீடியோவையும் அமுக்கிச் சின்னதாக்கித்தான் அனுப்புகிறது. கேமரா பதிந்து வைத்த தேதி, இடம் எல்லாம் அதிலேயே போய்விடும். உங்கள் போன் காட்டும் தேதி அது உங்கள் போனில் இறங்கிய தேதி. அதாவது பழைய வீடியோவை இன்று எடுத்தது மாதிரி அதுவே காட்டிவிடும். இப்படிக் கற்றுக்கொடுத்தால் நாமே ஃபார்வர்டுக்குச் சாட்சி சொன்ன மாதிரி.

வியாசை_எக்ஸ்பிரஸ்

நான் இத்தனை நாளாக விவரங்களைத் திறந்துதான் பார்த்துக்கொண்டிருந்தேன் 😬 ஆனால் ஒன்று, போட்டோவாக இல்லாமல் டாக்குமெண்டாக அனுப்பினால் தேதி இருக்குமே?

சட்டகம்

இருக்கும், அதில் நீங்கள் சொல்வது சரி. எடுத்தவரே டாக்குமெண்டாக அனுப்பினால் பயன்படும். ஆனால் வதந்தியை யாரும் அப்படி அனுப்பிப் பார்த்ததில்லை.

எர்ணாவூர்75

இந்த ஃபார்வர்டு பிரச்சினை எனக்கும் இருக்கிறது. யார் கூப்பிட்டாலும் வேறு ஏதோ நம்பருக்குப் போகிறது. மகன் ஊரில் இல்லை. எப்படி நிறுத்துவது?

தண்டையார்பேட்டை_டீக்கடை

ஐயா, நாங்கள் பேசுவது வாட்ஸ்அப் செய்தி. உங்களுடையது கால் ஃபார்வர்டு. போனில் எண் அழுத்தும் இடத்தில் `##002#` போட்டுக் கூப்பிடுங்கள், எல்லா ஃபார்வர்டும் ரத்தாகும். `*#21#` போட்டால் இப்போது ஃபார்வர்டு இருக்கிறதா என்று காட்டும். நீங்களாகப் போடாமலே அது வந்திருந்தால் வங்கி ஓ.டி.பி. விஷயத்தில் ஜாக்கிரதை.

எர்ணாவூர்75

சரியாகிவிட்டது தம்பி. நன்றி. அந்த ஏரி மெசேஜ் எனக்கும் வந்தது. உண்மையா?

பழைய_ஓவர்சியர்

இந்த இழையில் யாரும் ஏரியைப் பற்றியே பேசவில்லையே. வீடியோவைத் தேடுவது அப்புறம். முதலில் அந்த மெசேஜில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இண்டர்நெட் இல்லாமலே பாதி பொய் தெரிந்துவிடும். நான் நீர்ப்பாசனத்தில் முப்பது வருடம் இருந்தவன்.

"2 லட்சம் கனஅடி" என்றால் விநாடிக்கு 2 லட்சம் கனஅடி. புழல் ஏரி முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கனஅடி, நம் கணக்கில் 330 கோடி கனஅடி. 330 கோடியை 2 லட்சத்தால் வகுங்கள். 16,500 விநாடி. நாலரை மணி நேரம் சொச்சம். அதாவது ததும்ப நிற்கிற ஏரி சாயங்காலம் நாலரைக்கு உடைந்தால், அவர்கள் சொல்லும் 9 மணிக்கு ஏரியில் சேறுதான் மிச்சம் இருக்கும். நடக்கிற காரியமா? 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்தில் திறந்ததாக அரசு சொன்ன உச்ச அளவே 29,000 கனஅடி. அதற்கே அடையாறு என்ன ஆயிற்று என்று ஊருக்குத் தெரியும். அதைப்போல ஏழு மடங்கு புழலில் எங்கிருந்து வரும்? லட்சம் என்பதெல்லாம் காவிரிக் கணக்கு.

புழலில் முதலில் திறக்கும்போது 100, 200, 500 கனஅடி என்றுதான் ஆரம்பிப்பார்கள், வரத்தைப் பார்த்து ஏற்றுவார்கள். 200 கனஅடி வீதம் திறந்து, வரத்தே இல்லை என்று வைத்துக்கொண்டால் ஏரி காலியாக ஆறு மாதத்துக்கு மேல் ஆகும்.

இதை அந்த வீடியோவில் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். டீக்கடை அக்கா வகுத்தல் போட்டால் இன்னும் நல்லது.

தண்டையார்பேட்டை_டீக்கடை

சார், இது போதும், காட்சி 2 இதுதான். காலண்டர் பின்பக்கத்தில் அக்கா கணக்குப் போடுகிறார்.

பழைய_ஓவர்சியர்

அவசரப்படாதீர்கள். ஊர்ப் பெயர்களையும் பாருங்கள். புழல் உபரிநீர் எந்த வழியாகப் போகும்? நாரவாரிகுப்பம், வடகரை, கிராண்ட் லைன், வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம். அங்கே கொசஸ்தலையாற்றில் சேர்ந்து எண்ணூர் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகும். உண்மையான எச்சரிக்கையில் இந்த ஊர்கள் வரும், ஏறக்குறைய இதே வரிசையில், ஏனென்றால் தண்ணீர் அந்த வரிசையில்தான் போகிறது. நம் ஃபார்வர்டில் இருப்பது பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை. அந்தக் கால்வாய்க் கரையில் இருக்கும் ஒரு ஊர் பெயர்கூட இல்லை. மாதவரம் மட்டும் ஏதோ பக்கத்தில் வருகிறது. எழுதியவருக்கு வடசென்னையில் தெரிந்த பெயர்களைப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

இதே மாதிரி "செம்பரம்பாக்கம் திறந்தாச்சு, வடசென்னை உஷார்" என்று வருடா வருடம் ஒன்று வரும். அந்தத் தண்ணீர் அடையாறு வழியாகத் தெற்கே போகிறது. நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வியாசை_எக்ஸ்பிரஸ்

சார், மரியாதையோடு மறுக்கிறேன். புழல் திறந்த அன்றைக்குத்தான் எங்கள் கணேசபுரம் சுரங்கப்பாதை ரொம்புகிறது. கண்ணால் பார்த்தது. தண்ணீர் எங்கள் பக்கம் வராமல் எப்படி?

பழைய_ஓவர்சியர்

தம்பி, நீங்கள் பார்த்தது உண்மை, காரணம்தான் வேறு. புழல் எப்போது திறப்பார்கள்? பெருமழை பெய்யும்போது. அதே மழை உங்கள் தெருவிலும் பெய்கிறது. சுரங்கப்பாதை பள்ளம், மோட்டார் போட்டு இறைக்க வேண்டிய இடம். பக்கத்தில் கேப்டன் காட்டன் கால்வாய் நிறைந்துவிட்டால் தெருத் தண்ணீர் வடியாது. ஏரி மூடியே இருந்தாலும் அது ரொம்பும். மே மாதக் கோடைமழை ஒன்று வெளுத்து வாங்கிய நாளில் பாருங்கள், ஏரியில் திறக்கத் தண்ணீரே இருக்காது, சுரங்கப்பாதை மட்டும் நிறைந்திருக்கும்.

வியாசை_எக்ஸ்பிரஸ்

மே மாதம்… ஆமாம், ஒரு தடவை பஸ் மாட்டியது. சரி சார், யோசிக்க வேண்டிய விஷயம். முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை, கடல் மட்டம் ஏறினால் எல்லாக் கால்வாயும் ஒன்றோடு ஒன்று எதிர்த்து நிற்கும் என்று எங்கள் அப்பா சொல்வார்.

பழைய_ஓவர்சியர்

அப்பா சொன்னதில் விஷயம் இருக்கிறது. கடல் ஏற்றத்தில் முகத்துவாரம் தண்ணீரை மெதுவாகத்தான் வாங்கும். அதுவும் புழல் மதகும் வேறு வேறு கதை.

மணலிபுதுநகர்_அக்கா

எல்லாரும் பொய்யைக் கண்டுபிடிக்கிற சந்தோஷத்தில் இருக்கிறீர்கள். என் கதையைக் கேளுங்கள்.

2021 நவம்பர். "பூண்டி திறக்குறாங்க, கொசஸ்தலையாத்துக் கரையில இருக்கிறவங்க உஷார்" என்று மெசேஜ் வந்தது. அதற்கு முந்தின வாரம் முழுக்க வதந்தியாக வந்து எங்களுக்கு அலுத்துப் போயிருந்தது. நானே குழுவில் எழுதினேன், "பூண்டி எங்கேயோ இருக்கு, நமக்குப் புழல்தான், புழல்ல ஒண்ணும் இல்ல, தூங்குங்க" என்று. மறுநாள் தண்ணீர் வீட்டுக்குள். பிரிட்ஜ், தையல் மிஷின், பெண்ணின் பத்தாம் வகுப்புப் புத்தகம் எல்லாம் போச்சு. என் பேச்சைக் கேட்டு இருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் இன்றைக்கும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

அந்த மெசேஜும் ஃபார்வர்டுதான். அதில் எழுத்துப்பிழை இருந்தது, நாலு ஆச்சரியக்குறி இருந்தது. ஆனால் உண்மை. உங்கள் வீடியோவைப் பார்க்கிறவர்கள் எதையும் நம்பாமல் இருக்கப் பழகிவிட்டால் என்ன செய்வீர்கள்?

பழைய_ஓவர்சியர்

அம்மா, நீங்கள் சொன்னதுதான் இந்த இழையிலேயே முக்கியம். பூண்டி உபரிநீர் நேராகக் கொசஸ்தலையாற்றில்தான் விடப்படுகிறது. பூண்டி இருப்பது திருவள்ளூருக்கு அந்தப் பக்கம், ஆனால் அந்தத் தண்ணீருக்குக் கடைசி ஊர்கள் மணலி புதுநகரும் சடையங்குப்பமும் எண்ணூரும்தான். உங்கள் பகுதிக்குப் புழலைவிடப் பூண்டி பெரிய ஆபத்து. பக்கத்தில் இருக்கும் ஏரியைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பது உங்கள் தப்பு இல்லை, எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

நான் கால்வாய் வரிசை என்று சொன்னதை இப்படியும் பயன்படுத்தலாம். எந்த ஏரி, அது எந்த ஆற்றில் விழுகிறது, அந்த ஆறு என் வீட்டுப் பக்கம் வருகிறதா? இந்தக் கேள்விக்கு "வருகிறது" என்று பதில் வந்தால், மெசேஜ் எவ்வளவு அசிங்கமாக எழுதியிருந்தாலும் ஒதுக்காதீர்கள்.

சட்டகம்

எழுத்துப்பிழை, ஆச்சரியக்குறியை வைத்துப் பொய் என்று முடிவு செய்யும் பாடத்தை நானும் பல வீடியோக்களில் பார்த்திருக்கிறேன். எரிச்சலாக வரும். பதற்றத்தில் உண்மை சொல்பவருக்கும் பிழை வரும். அழகாக எழுதுகிற பொய்யர்களும் உண்டு.

ஆக, ஸ்கிரிப்டில் மெசேஜைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். ஏரி, அளவு, ஊர்கள், நேரம், வீடியோ, குரல். ஒவ்வொன்றும் தனித்தனியாக உண்மையாகவோ பொய்யாகவோ இருக்கலாம். உங்கள் கதையில் "புழல் திறந்திருக்கிறார்கள்" என்பது உண்மையாக இருந்து மற்றதெல்லாம் பொய்யாக இருந்தால்தான் பார்ப்பவர்களுக்கு உறைக்கும். நிஜத்திலும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். "இன்று" என்ற சொல்லைப் பாருங்கள், தேதியே இல்லை. தேதியில்லாத "இன்று" எத்தனை வருடம் வேண்டுமானாலும் சுற்றும். மெசேஜில் இருக்கும் ஒரு நீளமான வாக்கியத்தை மேற்கோள்குறிக்குள் போட்டுத் தேடினால், வேறு ஏரியின் பெயரோடு அதே வாக்கியம் கிடைப்பதுண்டு.

தண்டையார்பேட்டை_டீக்கடை

அப்போ திறந்திருக்கிறார்களா இல்லையா என்று எங்கே பார்ப்பது? டீக்கடையிலிருந்து பார்க்க முடிகிற மாதிரி சொல்லுங்கள்.

பழைய_ஓவர்சியர்

குடிநீர் வாரிய இணையதளத்தில் ஏரி நீர்மட்டப் பக்கம் இருக்கிறது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் எல்லாவற்றுக்கும் மட்டம், இருப்பு, வரத்து, வெளியேற்றம் இருக்கும். புழல் முழு மட்டம் 21.20 அடி, பூண்டி 35 அடி. காலையில் பார்த்துவிட்டு ஏரி பாதிதான் இருக்கிறது என்றால் இரவு 9 மணிக்கு ஊர் மூழ்காது. ஆனால் அது நாளுக்கு ஒரு தடவை போடும் கணக்கு. மழை கொட்டுகிற ராத்திரியில் காலைக் கணக்கை வைத்துக்கொண்டு தைரியமாக இருக்காதீர்கள். அப்போது பார்க்க வேண்டியது திருவள்ளூர் மாவட்ட நிர்வாகமும் மாநகராட்சியும் விடும் எச்சரிக்கை. அதில் ஏரி பெயர், எத்தனை மணிக்கு, எத்தனை கனஅடி, எந்தெந்தக் கரையோர ஊர்கள், நாலும் இருக்கும். போனில் கேட்க மாநகராட்சிக்கு 1913, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

சட்டகம்

ஒரு எச்சரிக்கை. அந்த அரசு அறிவிப்பே படமாக ஃபார்வர்டு ஆகும், மேலே தேதி வெட்டப்பட்டிருக்கும். போன வருட அறிவிப்பு, முத்திரை உண்மை, கையெழுத்து உண்மை, ஆனால் இன்றைக்கு இல்லை. படத்தை நம்பாமல் வெளியிட்டவர்களின் சொந்தப் பக்கத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது வீடியோ. நீங்கள் இங்கே ஏற்றியதை நான் தேடிப் பார்த்தேன். நடந்ததை அப்படியே சொல்கிறேன், காட்சி 3-க்கு ஆகும்.

முதலில் தண்ணீர் நன்றாகக் கொட்டுகிற இடத்தில் நிறுத்திப் படம் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டேன். உலகத்தில் உள்ள அணை எல்லாம் வந்தது. தண்ணீர் எங்கேயும் தண்ணீர் மாதிரிதான் இருக்கிறது. தப்பு என்னுடையது. இரண்டாவது தடவை 17-வது விநாடியில் நிறுத்தினேன். கேமரா ஆடி மேலே போகிறது, மதகுகளுக்கு மேலே பாலம், பின்னால் மலை தெரிகிறது. கீழே யாரோ சிவப்பில் எழுதிய "புழல்" என்ற பட்டையை வெட்டி எடுத்துவிட்டுத் தேடினேன், இல்லாவிட்டால் லென்ஸ் அந்த எழுத்தையே படித்துப் புழலைக் காட்டும். வந்தது மேட்டூர், 16 கண் மதகு. யூடியூபில் அதே வீடியோ, இரண்டு வருடத்துக்கு முன்னால் ஏற்றியது.

மலையைப் பார்த்த உடனேயே முடிந்திருக்க வேண்டும். புழல் ஏரிக்குப் பின்னால் மலை ஏது? மதகுகளையும் எண்ணினேன், தெரிகிற பகுதியிலேயே பதினொன்று. புழலில் அவ்வளவு நீளமாக மதகு வரிசை கிடையாது.

வியாசை_எக்ஸ்பிரஸ்

எனக்கு லென்ஸில் ஒன்றுமே வரவில்லை. அப்படியென்றால் புது வீடியோவா?

சட்டகம்

இல்லை. ஒன்றும் வராததற்கு ஒரு அர்த்தமும் இல்லை. இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருக்கலாம், ஓரம் வெட்டியிருக்கலாம், வாட்ஸ்அப் அமுக்கியதில் மங்கியிருக்கலாம், இணையத்தில் ஏறவே ஏறாததாகவும் இருக்கலாம். பழைய தேதியில் கிடைத்தால்தான் முடிவு. அதுவும் வீடியோ பழையது என்ற முடிவு மட்டும். ஏரி திறக்கவில்லை என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. டீக்கடை அண்ணே, உங்கள் முதல் ஸ்கிரிப்டில் இந்த இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன.

குரல் பதிவுக்கு இப்படித் தேட வழி இல்லை. யார் பேசினார் என்று மண்டையை உடைக்காமல், பேசியதில் என்ன எண், எந்த ஊர் என்று எழுதி ஓவர்சியர் சார் முறையில் பாருங்கள்.

வியாசை_எக்ஸ்பிரஸ்

"பொதுப்பணித்துறை" என்று சொல்கிறாரே, 2021-லிருந்து நீர்வளத்துறை தனித் துறை. அங்கேயே மாட்டிக்கொண்டார்!

பழைய_ஓவர்சியர்

நான் ஓய்வு பெற்ற பிறகுதான் பிரித்தார்கள், எனக்கு இன்னும் பி.டபிள்யூ.டி. என்றுதான் வாயில் வருகிறது. என்னையும் பொய்யன் ஆக்கிவிடாதீர்கள்.

திருவொற்றியூர்_டீச்சர்

தாமதமாக வருகிறேன். வீடியோவில் அந்தப் பொய் வீடியோவை முழுத்திரையில் காட்டப் போகிறீர்களா? என் பயம் அதுதான். போன வருடம் வகுப்பில் ஒரு பொய்ச் செய்தியைக் காட்டிப் பொய் என்று விளக்கினேன். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் பாதிப் பிள்ளைகளுக்கு அந்தச் செய்தி ஞாபகம் இருக்கிறது, பொய் என்பது ஞாபகம் இல்லை. உங்கள் நாலு நிமிடத்தில் யாராவது அந்த 22 விநாடியை மட்டும் வெட்டி மறுபடி அனுப்பிவிட்டால்?

சட்டகம்

மூலையில் சின்னதாக முத்திரை போடக்கூடாது, வெட்டிவிடுவார்கள். சட்டகத்தின் குறுக்கே பெரிதாக "இது மேட்டூர்" என்று எழுதுங்கள், சத்தத்தை எடுத்துவிடுங்கள். "பொய்" என்று எழுதுவதைவிட எது உண்மையோ அதை எழுதுவது நல்லது.

திருவொற்றியூர்_டீச்சர்

காட்டவே வேண்டாம் என்கிறேன் நான். வெறும் ஒரு படம் போதும்.

சட்டகம்

படம் மட்டும் காட்டினால் 17-வது விநாடியில் நிறுத்துவது எப்படி என்று அக்காவுக்குப் புரியாது டீச்சர். ஓடுகிற வீடியோவில்தான் அது தெரியும்.

திருவொற்றியூர்_டீச்சர்

வேறு ஏதாவது தீங்கில்லாத வீடியோவில் நிறுத்திக் காட்டலாமே.

தண்டையார்பேட்டை_டீக்கடை

இது இன்றைக்குத் தீராது போல. இரண்டு மாதிரியும் எடுத்து நூலகத்தில் போட்டுப் பார்க்கிறேன்.

மாற்றிய வரிசை: அக்கா கணக்குப் போடுவது, அப்புறம் சுவரில் கையால் வரைந்த படத்தில் பூண்டி, புழல் இரண்டிலிருந்தும் எண்ணூர் வரை நீல மையில் கோடு இழுப்பது, அப்புறம் ஏரி மட்டம், கடைசியில்தான் வீடியோ. முடிவில் புழல் நிஜமாகவே 200 கனஅடி திறந்திருக்கிறது, பெரம்பூருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் அக்காவின் தங்கை வடபெரும்பாக்கத்தில் கால்வாய்க் கரையில் இருக்கிறாள், அவளுக்குப் போன் போடுகிறார்.

மணலி அக்கா, உங்கள் கதையை நீங்களே கேமரா முன்னால் சொல்வீர்களா? முகம் வேண்டாம் என்றால் குரல் மட்டும் போதும்.

மணலிபுதுநகர்_அக்கா

முகம் வேண்டாம். அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் பார்ப்பார்கள். குரல் தருகிறேன். எங்கள் வீட்டுச் சுவரில் 2021 தண்ணீர் நின்ற கறை இன்னும் இருக்கிறது, இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தும் போகவில்லை. அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முன்னால் வந்துவிடுங்கள், இந்தத் தடவை அதற்கு மேல் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள்.